புதுப்பித்த திகதியை எப்போது மாற்றலாம்? வாசகர் கேள்விகள்

கல்முனை–மட்டக்களப்பு பஸ் நேரங்களைத் தொகுத்து இணையத்தில் போட்டிருக்கிறேன். ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தியதும் ‘இறுதியாகப் புதுப்பித்தது’ இன்றைய திகதிக்கு மாறிவிட்டது. அப்படியே விடலாமா? (கல்முனை)

விடாதீர்கள். வேர்ட்பிரஸ் போன்றவை சேமிக்கும் ஒவ்வொரு முறையும் திகதியை மாற்றிவிடும். ஒரு காற்புள்ளியைத் திருத்தினீர்களா, பஸ் நேரத்தையே மாற்றினீர்களா என்று அதற்குத் தெரியாது. ஆனால் களுவாஞ்சிகுடியில் விடியற்காலை கிளினிக்குக்குப் போக நிற்கிறவர், அந்தத் திகதியைப் பார்த்து நேரங்களை இன்றுதான் சரிபார்த்தார்கள் என்று நம்புவார். அதனால் தானாக மாறும் திகதியை மறைத்துவிட்டு, நீங்களே கையால் எழுதுங்கள்.

எழுதும்போது எதைப் பார்த்தீர்கள், எதைப் பார்க்கவில்லை என்று இரண்டையும் சொல்லுங்கள். பன்னிரண்டு பஸ்ஸில் ஒன்பதை மட்டும் விசாரித்தீர்கள் என்று வையுங்கள். குறிப்பு இப்படி இருக்கலாம்:

“8 மார்ச் 2025: பஸ் நிலையத்தில் கேட்டுச் சரிபார்த்தோம். காலை 5.30 பஸ் இப்போது 5.10க்கே வெளிக்கிடுகிறது. மாலை 6.00க்குப் பிந்திய மூன்று பஸ்களையும் விசாரிக்கவில்லை. அவை 2024 நவம்பரில் எடுத்த நேரங்கள்.”

நேரம் எதுவும் மாறாவிட்டாலும் போய்க் கேட்டிருந்தால் ‘சரிபார்த்தது, மாற்றமில்லை’ என்று திகதி போடலாம். அதுவும் வாசகருக்குப் பெரிய உதவி. தேடுபொறிக்கான `lastmod` திகதியிலும் இதே ஒழுங்கு வேண்டும். அது தொடர்ந்து உண்மையாக இருந்தால்தான் கூகுள் அதைக் கணக்கில் எடுக்கும்.

கிளினிக் நாளைப் பிழையாகப் போட்டுவிட்டோம். சத்தமில்லாமல் திருத்திவிட்டால் என்ன? (அக்கரைப்பற்று)

பஸ் நேரம் மாறுவது வேறு, இது வேறு. அங்கே பழைய தகவல் ஒரு காலத்தில் சரியாக இருந்தது. இங்கே தொடக்கத்திலிருந்தே பிழை. அதைப் ‘புதுப்பித்தோம்’ என்று எழுதினால், கிளினிக் நாளையே ஆஸ்பத்திரி மாற்றிவிட்டது போல ஆகிவிடும். ‘திருத்தம்’ என்றே தலைப்பிடுங்கள்:

“திருத்தம், 20 பெப்ரவரி: கிளினிக் வியாழக்கிழமை. 3ஆம் திகதியிலிருந்து இன்றுவரை செவ்வாய் என்று பிழையாகப் போட்டிருந்தோம்.”

சரியான நாள் முதலில் வரட்டும். அவசரத்தில் முதல் வரியை மட்டும் படிப்பவர்தான் அதிகம். பிழை இருந்த நாட்களையும் கட்டாயம் சொல்லுங்கள். பக்கத்தைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் வைத்திருப்பவர், தன்னிடம் உள்ளது பிழையான படமா என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார். அந்தப் படம் ஊரில் சுற்றும்வரை குறிப்பு மேலேயே இருக்கட்டும். அப்புறம் கீழே இறக்கலாம், அழிக்க வேண்டாம்.

03/04/2025 என்று போட்டால் போதுமா? (ஆரையம்பதி)

போதாது. நமக்கு அது ஏப்ரல் 3. அமெரிக்க முறைக்குப் பழகிய வெளிநாட்டு உறவினருக்கு மார்ச் 4. மாதத்தை எழுத்தில் எழுதுங்கள், கணினிக்கு ஆண்டை முன்னால் வையுங்கள்:

```html
<time datetime="2025-04-03">3 ஏப்ரல் 2025</time>
```