போர்டில் இன்டர்னல் ஆடிட் பேசும்போது எதை முதலில் சொல்வது?

கேள்வி: முதல் தடவையாக ஆடிட் கமிட்டி முன்னால் எங்கள் இன்டர்னல் ஆடிட் ரிப்போர்ட்டை நான்தான் பேசப் போகிறேன். 23 பாயின்ட் இருக்கிறது, கொடுத்திருப்பது 15 நிமிடம். எதை முதலில் சொல்வது? யாரும் பதறாமல் எப்படிச் சொல்வது?

பதில்:

23 பாயின்ட்டையும் வரிசையாக வாசித்துவிடலாம் என்று ஸ்லைடு தயார் செய்து வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதோடு ஹை, மீடியம், லோ என்று சிவப்பு, மஞ்சள், பச்சைக் கட்டம் ஒன்றும் இருக்கும். அந்தக் கட்டத்தை இணைப்பில் போட்டுவிடுங்கள். வாயால் மூன்று பாயின்ட் சொன்னால் போதும். மீதி இருபதுக்கும் சேர்த்து ஒரே வாக்கியம்: "மற்றவை தாளில் இருக்கின்றன, எதற்கும் உங்கள் முடிவு தேவையில்லை, தேதிகள் ஒத்துக்கொள்ளப்பட்டுவிட்டன." அந்த இருபதில் ஏதாவது போன ரிப்போர்ட்டிலும் வந்து மூடப்படாமல் இருந்தால் அதை மட்டும் தனியாகச் சொல்லுங்கள்.

எந்த மூன்று என்பதில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். பெரும்பாலும் ரூபாய்த் தொகையைப் பார்த்து அடுக்குவார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. ஒவ்வொரு பாயின்ட்டிடமும் இரண்டு கேள்வி கேட்பேன். அடுத்த மீட்டிங் வரை யாரும் கையே வைக்காவிட்டால் இது என்ன ஆகும்? வேறு யாராவது, அதாவது பேங்க், ஸ்டேட்யூட்டரி ஆடிட்டர், அல்லது மாதக் கடைசி டேலி, அதைப் பிடித்துவிடுவார்களா? தானாக மாட்டிக்கொள்ளும் பெரிய தொகையைவிட, மாட்டிக்கொள்ளவே வழியில்லாத சின்ன ஓட்டை மேலே வரும்.

வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் நான் பேசியதைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். இரண்டு தொழிற்சாலை, சப்ளையர்களுக்கு மாதம் சுமார் 40 கோடி ரூபாய் போகும். அந்தக் காலாண்டில் எங்கள் கையில் மூன்று விஷயம் இருந்தது.

ஒன்று, ஸ்டாக் வித்தியாசம். கணக்குக்கும் கையிருப்புக்கும் 1.8 கோடி இடித்தது. இரண்டு, ஒப்பந்தத் தொழிலாளர்களின் பி.எஃப். பணத்தை ஒரு கான்ட்ராக்டர் தாமதமாகக் கட்டிக்கொண்டிருந்தார். மூன்று, சப்ளையரின் பேங்க் அக்கவுன்ட் எண்ணை சிஸ்டத்தில் மாற்றுபவரும், பேமென்ட் லிஸ்ட் போடுபவரும் ஒரே ஆள். இந்த மூன்றாவதில் ஒரு ரூபாய்கூடத் தொலையவில்லை.

நான் மூன்றாவதைத்தான் முதலில் வைத்தேன். சி.எஃப்.ஓ.வுக்கு அது பிடிக்கவில்லை. "நஷ்டமே இல்லாததை ஹை என்று போட்டால் எப்படி?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் 1.8 கோடியை நோண்டிப் பார்த்தபோது, ஸ்டீல் காயிலை ஒரு தொழிற்சாலை கிலோவிலும் இன்னொன்று மீட்டரிலும் பதிந்துகொண்டிருந்தது தெரிந்தது. மாற்று விகிதத்தைச் சரிசெய்தபின் நின்றது 11 லட்சம். அடுத்த ஸ்டாக் எண்ணிக்கையில் அது எப்படியும் வெளியே வந்திருக்கும். பேங்க் எண் விஷயம் அப்படி அல்ல. சப்ளையர் மாதிரியே ஒரு மெயில் வந்து "எங்கள் அக்கவுன்ட் மாறிவிட்டது" என்று சொன்னால், எண்ணை மாற்றிப் பணம் அனுப்பியபின் நம் கணக்கில் எல்லாம் சரியாகவே இருக்கும். பில் இருக்கும், சரக்கு வந்த சீட்டு இருக்கும், பேமென்ட் இருக்கும். உண்மையான சப்ளையர் பாக்கி கேட்டுப் போன் செய்யும்போதுதான் தெரியும். அதற்குள் பணம் நாலு அக்கவுன்ட் தாண்டியிருக்கும். பேங்க் பிடித்துவிடும் என்று சொல்பவர்களுக்கு: நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். இரண்டிலும் பணம் அக்கவுன்ட் எண்ணை வைத்துத்தான் வரவாகிறது. பெறுபவர் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1க்குள் கொடுக்கச் சொல்லி ரிசர்வ் பேங்க் பேங்குகளுக்கு உத்தரவிட்டது. நல்ல விஷயம். ஆனால் அந்தப் பெயரையும் ஒரு ஆள் பார்க்க வேண்டுமே. நூறு பேமென்ட்டை ஒரே ஃபைலாக ஏற்றுகிற இடத்தில் யார் உட்கார்ந்து பார்ப்பது?

பேச்சுக்கு முன் சி.எஃப்.ஓ.விடம் முழுதாகச் சொல்லிவிட்டேன். அவருக்கு மீட்டிங்கில்தான் முதல் தடவை தெரிகிறது என்றால் அவர் தற்காப்புக்குப் போவார், டைரக்டர்கள் அதைப் பார்த்துப் பதறுவார்கள். பதற்றம் பாதி அங்கிருந்துதான் வருகிறது. அவர் திருத்தச் சொன்ன தகவல்களைத் திருத்தினேன், வரிசையை மாற்றவில்லை. அவருடைய எதிர்க்கருத்தையும் தாளில் ஒரு வரி போட்டேன். கமிட்டி தலைவருக்கும் முந்தைய நாளே போனில் சொல்லியாகிவிட்டது. இந்த வழக்கம் ஓட்டை விஷயங்களுக்கு மட்டும். பணம் உண்மையிலேயே போய்க்கொண்டிருக்கிறது என்றாலோ, சந்தேகம் சி.எஃப்.ஓ. மேலேயே என்றாலோ, மீட்டிங்குக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே நேராகத் தலைவரிடம் போக வேண்டும்.

மீட்டிங்கில் சொன்னது ஏறக்குறைய இதுதான்:

"சப்ளையர் பேங்க் விவரத்தை மாற்றுவதில் இரண்டாவது ஆள் பார்வை இல்லை. இந்த ஆண்டு 140 மாற்றம் நடந்திருக்கிறது, 140ஐயும் பார்த்தோம். 31க்கு மெயில் தவிர வேறு ஆதாரம் இல்லை. அந்த 31 சப்ளையர்களையும் பழைய ஃபைலில் இருந்த எண்ணில் கூப்பிட்டோம். எல்லாம் உண்மையான மாற்றம்தான், பணம் எதுவும் தவறிப் போகவில்லை. மாற்றும் அனுமதியும் பேமென்ட் அனுமதியும் போன வாரமே இரண்டு பேருக்குப் பிரிக்கப்பட்டுவிட்டன. மீதமுள்ள வேலை சிஸ்டத்தில், இந்த மாதக் கடைசிக்குள். பொறுப்பு, ஃபைனான்ஸ் கன்ட்ரோலர். முந்தைய ஆண்டுகளை நாங்கள் பார்க்கவில்லை. பார்க்கவா என்பதை நீங்கள் சொல்ல வேண்டும்."

வரிசையைக் கவனியுங்கள். எத்தனையில் எத்தனை என்பது முதலிலேயே வருகிறது. வெறுமனே "31 மாற்றத்துக்கு ஆதாரம் இல்லை" என்றால் கேட்பவர் மனதில் 31 மோசடி ஓடும். அதன் பின்னாலேயே நஷ்டம் உண்டா இல்லையா என்பது. அப்புறம் ஏற்கெனவே செய்தது, செய்ய வேண்டியது, ஆள், தேதி. கடைசியில் நாம் பார்க்காத எல்லை. அதை ஒளித்து வைத்தால், யாராவது கேட்டு வாங்கும்போது மொத்தப் பேச்சும் சந்தேகத்துக்குள் போய்விடும்.

கமிட்டியில் ஓய்வுபெற்ற பேங்க் அதிகாரி ஒருவர் இருந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அப்படியானால் நம்மிடம் மோசடியே இல்லை என்று எழுதிக்கொள்ளலாமா?" என்றார். இங்கேதான் ஆறுதல் சொல்லும் ஆசை வரும். "எழுத வேண்டாம் சார். இந்த ஆண்டு நடந்த மாற்றங்களில் தவறாக ஒன்றும் கிடைக்கவில்லை என்று எழுதலாம்" என்றேன். சிரித்துவிட்டு, முந்தைய இரண்டு ஆண்டுகளையும் பார்க்கச் சொன்னார். யாரும் பதறவில்லை.

சிஸ்டத்தில் செய்ததையும் சொல்லிவிடுகிறேன், உங்களிடம் எஸ்.ஏ.பி. இருந்தால் உதவும். பழைய ஈ.சி.சி. பதிப்பில், சப்ளையர் மாஸ்டரின் பேங்க் எண் களத்தை இருவர் ஒப்புதல் தேவைப்படும் களமாக அமைத்துவிடலாம். யாராவது மாற்றினால் இன்னொருவர் `FK08` திரையில் போய் உறுதிசெய்யும்வரை அந்த சப்ளையருக்குப் பேமென்ட் ஓடாது. புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஆனால் உறுதிசெய்பவர் ஃபைலில் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும், மெயிலில் வந்த எண்ணுக்கு அல்ல. இதை எழுதி வைக்காவிட்டால் இரண்டாவது ஆளும் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானைத் தட்டுவார்.

பி.எஃப். விஷயத்தை இரண்டாவதாகச் சொன்னேன். அது ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதி புதிதாகத் தவறுகிற விஷயம். கான்ட்ராக்டர் கட்டாவிட்டால் பொறுப்பு முதன்மை முதலாளி மேல் வந்துவிழும். தீர்வு சுலபம்: பி.எஃப். சலானும் ஈ.சி.ஆரும் இல்லாமல் கான்ட்ராக்டர் பில் பாஸ் ஆகாது. அதோடு ஈ.சி.ஆரில் இருக்கும் பெயர்களைக் கேட் வருகைப் பதிவோடு ஒத்துப் பார்க்க வேண்டும். வேறு இடத்து ஆட்களுக்குக் கட்டிய சலானைக் காட்டிவிட்டுப் போகிற கான்ட்ராக்டர்கள் உண்டு. ஸ்டாக் மூன்றாவது. அதில் 1.8 கோடி என்று ஆரம்பிக்கவே இல்லை. "அளவு அலகு கோளாறு, சரிசெய்தபின் வித்தியாசம் 11 லட்சம், முதலில் தெரிந்தது 1.8 கோடி" என்று தலைகீழாகச் சொன்னேன்.

இதைப் படித்துவிட்டு, "சூட்டைத் தணித்துச் சொல்வது மறைப்பதுதானே" என்று கமென்ட் போட ஒருவர் வருவார். நான் எந்த எண்ணையும் குறைக்கவில்லை, வரிசையையும் யாருக்காகவும் மாற்றவில்லை. எதற்குப் பின் எது என்பதை மட்டும் யோசித்தேன். பெரிய லிஸ்டட் கம்பெனிகளில் முறை வேறாக இருக்கலாம், அங்கிருப்பவர்கள் தனியாகப் பதில் எழுதட்டும்.

நடுவில் ஒரு புலம்பல். லிஸ்டட் கம்பெனிகள் எல்லாம் இன்டர்னல் ஆடிட்டர் வைத்தே ஆக வேண்டும் என்று 2013 கம்பெனிச் சட்டத்தின் 138ஆம் பிரிவு சொல்கிறது. சட்டத்துக்குத் தெரிந்த இந்த வேலை என் சொந்தக்காரர்களுக்குத் தெரியாது. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் பக்கத்து இலையிலிருந்து, "மாப்ள, எனக்கு ரிட்டர்ன் ஃபைல் பண்ணிக் குடுத்துரேன், நீதான் ஆடிட்டராச்சே." ஜூலை மாதத்தில் நான் கல்யாணத்துக்குப் போவதையே விட்டுவிட்டேன். பத்திரிகை அனுப்பியவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பேசி முடித்ததும் வேலை முடிந்தது என்று எழுந்து போய்விடாதீர்கள். மினிட்ஸில் "உள்தணிக்கை அறிக்கையைக் குழு குறித்துக்கொண்டது" என்று ஒரே வரி வரும். ஆளும் தேதியும் காணாமல் போயிருக்கும். கம்பெனி செக்ரட்டரி வரைவு மினிட்ஸை 15 நாளுக்குள் உறுப்பினர்களுக்கு அனுப்ப வேண்டும், அவர்கள் திருத்தம் சொல்ல அதிலிருந்து 7 நாள். நீங்கள் உறுப்பினர் இல்லை, அதனால் வரைவு உங்களுக்கு வராது. மூன்று பாயின்ட்டுக்கும் பொறுப்பாளர், தேதி போட்ட அரைப் பக்கத் தாள் ஒன்றை மீட்டிங் அன்றே செக்ரட்டரி கையில் கொடுத்து, அதன் நகலைத் தலைவருக்கும் அனுப்பிவிடுங்கள்.