தமிழ் மனு இங்கிலீஷாகும்போது ‘அவர்கள்’ என்ன ஆகும்?

மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் தாக்கலாகும் தமிழ் ஆவணங்களைப் பல வருடங்களாக மொழிபெயர்த்து வருபவர் பதில் சொல்கிறார்.

மேலூர், ஜூனியர் வக்கீல்: கலெக்டருக்குக் கொடுத்த மனு மேல நடவடிக்கை இல்லைன்னு ரிட் போடுறோம். மனுவை மொழிபெயர்த்து, ரிட்டோட சேர்த்துக் கொடுக்கிற ஆவணத் தொகுப்பான டைப்டு செட்ல வைக்கணும். வரிக்கு வரி ‘ஐயா அவர்கள்’னு இருக்கு. இதையெல்லாம் எப்படிக் கொண்டு போறது?

பதில்: திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்கும் மனுக்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். உசிலம்பட்டிப் பக்கத்து ஊரணி ஆக்கிரமிப்பு மனு ஒன்று எப்படி எழுதப்பட்டிருக்கும் என்று பாருங்கள்.

“மாவட்ட ஆட்சித் தலைவர் ஐயா அவர்கள் சமூகத்திற்குப் பணிந்து சமர்ப்பிக்கும் மனு. ஐயா, தாசில்தார் ஐயா அவர்கள் நேரில் வந்து ஊரணியைப் பார்த்தார்கள். அளந்து கல் ஊன்றுவதாகச் சொன்னார்கள். மறுநாள் வேலி போட வந்தார்கள். நாங்கள் கேட்டதற்கு அடிக்க வந்தார்கள்.”

நான்கு வினைமுற்றுகளும் ‘ஆர்கள்’ என்றே முடிகின்றன. முதல் இரண்டும் தாசில்தாருக்குத் தரும் மரியாதை, ஆள் ஒருவர்தான். பின் இரண்டும் ஆக்கிரமித்தவர்கள், நிஜமாகவே பல பேர். மனுவை எழுதியவருக்கும் ஊர்க்காரருக்கும் இதில் சந்தேகமே வராது. இங்கிலீஷில் நான்குக்கும் ‘தே’ என்று போட்டுவிட்டால் தாசில்தாரே ஆள் கூட்டி வந்து வேலி போட்டு அடிக்க வந்ததாக ஆகிவிடும். அரசு வக்கீல் எதிர் பிரமாணப் பத்திரத்தில் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, மனுதாரர் அதிகாரி மேல் பொய்க் குற்றச்சாட்டு சொல்கிறார் என்று எழுதலாம்.

அதனால் மொழிபெயர்க்கும் முன் பென்சிலை எடுத்து, ஒவ்வொரு ‘ஆர்கள்’ மேலும் ‘ஒருவர்’ அல்லது ‘பலர்’ என்று குறித்துக்கொள்ளுங்கள். புரியாத இடத்தில் கட்சிக்காரரைக் கேளுங்கள். தாசில்தார் வரும் இடத்தில் ‘த தாசில்தார்’ என்று பதவியையே திரும்ப எழுதுங்கள். இங்கிலீஷ் வாசிப்புக்குக் கொஞ்சம் முரடாக இருந்தாலும் கோர்ட்டில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ‘மறுநாள் வேலி போட வந்தார்கள்’ என்ற வாக்கியத்தில் எழுவாயே இல்லை. அங்கே சதுர அடைப்புக்குள் ‘த என்க்ரோச்சர்ஸ்’ என்று சேர்க்கலாம். சதுர அடைப்பு போட்டால்தான் மூலத்தில் இல்லாத சொல் என்று படிப்பவருக்குத் தெரியும்.

மேல் விலாசத்தில் ‘டு த டிஸ்ட்ரிக்ட் கலெக்டர், மதுரை’, அடுத்து ‘ரெஸ்பெக்டெட் சார்’, அதன் கீழ் ‘ஹம்பிள் பெட்டிஷன் சப்மிட்டெட் பை’. இவ்வளவில் மூலத்தின் பணிவு வந்துவிடுகிறது. ஒவ்வொரு ‘ஐயா’வுக்கும் ஒரு ‘சார்’ போட்டால் கெஞ்சுகிற குரலாகிவிடும். தமிழில் அந்த ‘ஐயா’ சாதாரண மரியாதை, கெஞ்சல் இல்லை.

வாடிப்பட்டி, ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர்: நான் பார்த்த வரைக்கும் கோர்ட்டுக்குத் தேதி, சர்வே நம்பர், விஷயம் இதுதான் வேணும். மரியாதை வார்த்தையை எடுத்துட்டாலும் ஒண்ணும் ஆகாது. இல்லேன்னா எல்லா ‘அவர்களு’க்கும் ‘ஹானரபிள்’ போட்டுடலாம்.

பதில்: தேதியும் சர்வே நம்பரும்தான் முதலில் பார்ப்பார்கள் என்பது சரி, ஐயா. ஆனால் ரிட்டோடு போகும் பிரமாணப் பத்திரம் வேறு, டைப்டு செட்டில் போகும் பழைய மனு வேறு. பிரமாணப் பத்திரம் இங்கிலீஷிலேயே புதிதாக எழுதுவது, அதன் நடையை வக்கீல் தீர்மானிக்கலாம். பழைய மனு ஓர் ஆவணம். அதன் மொழிபெயர்ப்பின் கீழ் ‘ட்ரூ ட்ரான்ஸ்லேஷன்’ என்று கையெழுத்துப் போடுகிறோம். சில வார்த்தைகளை விட்டுவிட்டு அந்தக் கையெழுத்தைப் போடக் கூடாது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனால் கேள்வி இன்னும் கடுமையாக வரும். 2013 விதிகளின் 8-ஆம் ஆணைப்படி, இரு தரப்பும் ஒப்புக்கொண்டது அல்லது அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளர் சான்று தந்தது என்கிற மாதிரி அதிகாரம் உள்ள மொழிபெயர்ப்பையே அங்கே பார்ப்பார்கள்.

‘ஹானரபிள்’ என்பதற்குத் தமிழில் ‘மாண்புமிகு’ இருக்கிறது. மூலத்தில் ‘மாண்புமிகு’ என்று இருந்தால் போடுங்கள். ‘கனம் கோர்ட்டார் அவர்கள்’ என்று இருந்தாலும் போடலாம். தாசில்தாருக்கும் சர்வேயருக்கும் போடுவது மூலத்தில் இல்லாத மரியாதையைச் சேர்ப்பது. ‘திரு’, ‘திருமதி’ இரண்டையும் மாற்றாமல் அப்படியே இங்கிலீஷ் எழுத்தில் எழுதலாம். தமிழ்நாடு அரசின் இங்கிலீஷ் ஆணைகளிலேயே அப்படித்தான் வருகிறது.

மேலூர், ஜூனியர் வக்கீல்: கேட்டுப் பார்த்தேன், வந்த தாசில்தார் ஒரு அம்மாவாம். நான் ‘ஹி’ன்னு எழுதிட்டேன்.

பதில்: ‘பார்த்தார்கள்’ என்பதில் ஆணா பெண்ணா என்பது இல்லை. ‘தாசில்தார் ஐயா’ என்று எழுதியதும் பழக்கத்தில் வந்ததாக இருக்கலாம். இங்கேயும் பதவியைத் திரும்ப எழுதினால் போதும், ‘ஹி’யும் வேண்டாம் ‘ஷி’யும் வேண்டாம். மொழிபெயர்ப்பில் நீங்களாக ‘ஐயா’வை ‘மேடம்’ ஆக்க வேண்டாம். அந்தத் தேதியில் பொறுப்பில் இருந்தவர் பெண் அலுவலர் என்ற விவரம் பிரமாணப் பத்திரத்தில் தனி வாக்கியமாக வரட்டும்.

தேனி, டைப்பிஸ்ட்: பாகப்பிரிவினைக் கேஸ் செகண்ட் அப்பீல் போகுது. சாட்சி ‘எங்க ஐயா’, ‘அப்பத்தா’, ‘சித்தப்பா’ன்னு சொல்லியிருக்கார். ‘சார்’, ‘கிராண்ட்மதர்’, ‘அங்கிள்’னு அடிச்சிருக்கேன். சரியா?

பதில்: மூன்றையும் திரும்பப் பாருங்கள். நம் பக்கத்தில் ‘எங்க ஐயா’ என்று பல வீடுகளில் அப்பாவைச் சொல்வார்கள், சில வீடுகளில் தாத்தாவை. சாட்சி யாரைச் சொன்னார் என்பது வாக்குமூலத்தின் முன்பின் வரிகளில் தெரியும். ‘அப்பத்தா’ அப்பாவைப் பெற்றவர். ‘கிராண்ட்மதர்’ என்று மட்டும் அடித்தால் சொத்து எந்த வழியில் வந்தது என்பது மறைந்துவிடும். ‘பெட்டர்னல் கிராண்ட்மதர்’ என்று இருக்க வேண்டும்.

சித்தப்பாதான் சிக்கல். உடன்பிறந்த சித்தப்பாவா, ஒன்றுவிட்ட சித்தப்பாவா, வயதுக்காக ஊரில் அப்படிக் கூப்பிடுகிற ஒருவரா? மூன்றாமவரை ‘ஃபாதர்ஸ் யங்கர் பிரதர்’ என்று எழுதிவிட்டால், காகிதத்தில் புதிதாக ஒரு பங்காளி முளைத்துவிடுவார். வம்சாவளிப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயரையும் சரிபாருங்கள். பட்டியலில் இல்லாதவர் என்றால் ‘சித்தப்பா’ என்ற சொல்லை அப்படியே இங்கிலீஷ் எழுத்தில் போட்டு, ‘அழைக்கும் முறைப்பெயர்’ என்று அடிக்குறிப்பு கொடுங்கள். உறவு உண்டா இல்லையா என்பதைக் கோர்ட் முடிவு செய்துகொள்ளும்.

திருமங்கலம், ஒரு வாசகி: எங்க அண்ணன் வன்கொடுமைச் சட்டத்துல புகார் கொடுத்தார். எதிர்த்தரப்பு அந்தக் கேஸை ரத்து பண்ணச் சொல்லி ஹைகோர்ட்டுக்குப் போயிருக்காங்க. அவங்க கொடுத்த மொழிபெயர்ப்புல ‘ஏன்டா, வாடா’ எல்லாம் வெறும் ‘யூ’, ‘கம்’னு இருக்கு. விடலாமா?

பதில்: விடக் கூடாது. மரியாதையைக் கொண்டுபோவது எவ்வளவு முக்கியமோ, அவமரியாதையைக் கொண்டுபோவதும் அவ்வளவு முக்கியம். உங்கள் அண்ணன் பட்ட அவமானம் அந்த ‘டா’வில் இருக்கிறது. இங்கிலீஷ் ‘யூ’வில் நீ, நீர், நீங்கள், தாங்கள் எல்லாமே ஒன்றாகிவிடும். அதைப் படிக்கிறவருக்கு இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொண்ட மாதிரிதான் தெரியும்.

1989-ஆம் வருடச் சட்டத்தின் 3(1) பிரிவில் ‘ஆர்’, ‘எஸ்’ உட்பிரிவுகள் இருக்கின்றன. பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவதையும் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவதையும் அவை குற்றமாக்குகின்றன. ‘டா’ போட்டதாலேயே குற்றம் ஆகிவிடாது. சாதிப் பெயர், சொன்ன இடம், கேட்ட ஆட்கள் எல்லாம் சேர்ந்து வர வேண்டும். ஆனால் இழிவுபடுத்தும் நோக்கம் இருந்ததா என்று பார்க்கும்போது பேசிய முறையும் கணக்கில் வரும். புகாரில் உள்ள திட்டு வார்த்தைகளை ஓர் எழுத்தும் மாற்றாமல் இங்கிலீஷ் எழுத்தில் போட்டு, பக்கத்தில் பொருளைத் தர வேண்டும். கூச்சப்பட்டு ‘ஃபில்தி லாங்வேஜ்’ என்று சுருக்கினால் என்ன சொன்னார்கள் என்பதே பதிவில் இல்லாமல் போகும்.

உங்கள் வக்கீலிடம் சொல்லி, புகாரின் தமிழ் மூலத்தோடு உங்கள் தரப்பு மொழிபெயர்ப்பையும் தாக்கல் செய்யுங்கள். இருபது வயதுப் பையன் அறுபது வயதுக்காரரை ‘டா’ போட்டுப் பேசியிருந்தால், இருவர் வயதையும் உங்கள் பதில் மனுவில் சொல்லுங்கள். மொழிபெயர்ப்புக்குள் அந்த வாதத்தைக் கொண்டுவர முடியாது.

விருதுநகர், ஒரு வாசகர்: இவ்வளவு கஷ்டம் எதுக்கு? நம்ம பெஞ்சுல தமிழ்லயே மனு போட்டு வாதாடிட்டா முடிஞ்சது.

பதில்: அரசியல் சட்டம் 348-ஆம் பிரிவுப்படி உயர் நீதிமன்ற நடவடிக்கை இங்கிலீஷில்தான். தமிழையும் அங்கே அனுமதிக்கக் கேட்டு 2006-இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது, மத்திய அரசு ஏற்கவில்லை. நேரில் வாதாடும் கட்சிக்காரர் தமிழில் பேச நீதிபதி இடம் கொடுப்பது உண்டு. காகிதங்கள் இங்கிலீஷில்தான் போக வேண்டும். அப்படி இருக்கக் கூடாது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் இன்றைக்குத் தாக்கல் செய்ய வேண்டியதை இன்றைய விதிப்படிதான் செய்ய முடியும்.

உசிலம்பட்டி, மனுதாரரின் மகள்: அப்பா கைநாட்டு. வக்கீல் இங்கிலீஷ்ல எழுதினதைப் படிச்சுக் காட்டினப்போ ‘ஐயான்னு ஒரு வார்த்தைகூட இல்லையேம்மா, ஜட்ஜு கோவிச்சுக்க மாட்டாங்களா’ன்னு கேக்குறார்.

பதில்: அப்பாவிடம் சொல்லுங்கள் அம்மா, மரியாதை அதில் இருக்கிறது. ‘ஐ ஹம்பிளி சப்மிட்’ என்று பாராக்கள் தொடங்குகின்றன அல்லவா, அது ‘பணிந்து சமர்ப்பிக்கிறேன்’தான். கடைசியில் ‘திஸ் ஹானரபிள் கோர்ட் மே பி ப்ளீஸ்ட் டு’ என்று வருவது ‘கனம் கோர்ட்டார் அவர்கள் தயவுசெய்து உத்தரவிட்டருள வேண்டும்’ என்பதற்குச் சமம். ‘மை லார்ட்’ எழுத வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 2006-இல் பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவே ‘யுவர் ஆனர்’ அல்லது ‘ஹானரபிள் கோர்ட்’ போதும் என்று விதி கொண்டுவந்துவிட்டது. பழக்கத்தில் ‘லார்ட்ஷிப்’ இன்னும் ஓடுகிறது.

கைநாட்டு என்பதால் இன்னொன்றைப் பாருங்கள். பிரமாணப் பத்திரத்தின் அடியில், தமிழில் படித்துக் காட்டி விளக்கப்பட்டது, புரிந்துகொண்டதாகத் தெரிகிறது, என் முன்னிலையில் ரேகை வைத்தார் என்று சான்று இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ‘இது இவர் சொன்னதே இல்லை’ என்று எதிர்த்தரப்பு சொல்ல இடம் கிடைத்துவிடும். படித்துக் காட்டும்போது அப்பாவுக்குப் புரியாத வரி இருந்தால் ரேகை வைக்கும் முன்பே நிறுத்தச் சொல்லுங்கள்.

திண்டுக்கல், மொழிபெயர்ப்பாளர்: ரெண்டு விஷயத்துல எனக்கு உடன்பாடு இல்லை. ‘சமூகத்திற்கு’ங்கிறதை நீங்க விட்டுட்டீங்க, நான் ‘பிஃபோர் த ஆகஸ்ட் ப்ரெசென்ஸ்’னு போடுவேன். அப்புறம், சதுர அடைப்பும் அடிக்குறிப்பும் மொழிபெயர்ப்பாளர் சாட்சி சொல்ற மாதிரி ஆகிடாதா?

பதில்: ‘சமூகத்திற்கு’ விலாசத்தில் வரும் மரபுச் சொல். ‘டு’ என்பதிலேயே அது அடங்கிவிட்டது என்பது என் கருத்து. கலெக்டருக்கு ‘ஆகஸ்ட்’ கொஞ்சம் அதிகமாகவே படுகிறது. நீங்கள் விட மனமில்லாமல் போடுவதில் தப்பு சொல்ல மாட்டேன், ஒரே டைப்டு செட்டுக்குள் எல்லா மனுவிலும் ஒரே மாதிரி போடுங்கள். அடிக்குறிப்பு பற்றி நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. சொல்லின் பொருளை மட்டும் குறித்தால் மொழிபெயர்ப்பு, நடந்ததைக் குறித்தால் சாட்சி என்று நான் பிரித்துக்கொள்கிறேன். ஊரணி மனுவில் ‘த என்க்ரோச்சர்ஸ்’ என்று சேர்க்கச் சொன்னது அந்தக் கோட்டின் மேலேயே நிற்கிறது. சில சீனியர்கள் அதைக்கூட வேண்டாம், எழுவாய் இல்லை என்று மட்டும் குறித்துவிடு என்பார்கள். நீங்கள் அந்த இடத்தில் என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள்.