‘ஆடு’ மேய்கிறதா, ஆடச் சொல்கிறதா?

அன்புள்ள ஐயா,

மூன்றாம் வகுப்புக்குப் பெயர்ச்சொல், வினைச்சொல் நடத்துகிறேன். 60 சொல்லட்டைகள் செய்து, தரையில் பெயருக்கு ஒன்று, வினைக்கு ஒன்று என்று இரண்டு வட்டம் போட்டுப் பிரிக்கச் சொன்னேன். ‘ஆடு’, ‘படி’, ‘ஓட்டம்’ வந்தால் பிள்ளைகளுக்குள் ஒரே சண்டை. வாக்கியம் எழுதிய பட்டையைச் சொல் சொல்லாக வெட்டிக் கொடுத்தால் மட்டும் எல்லாரும் சரியாகச் செய்துவிடுகிறார்கள். அட்டைகளுக்கு இரண்டு நிறம் வைக்கலாமா? லேமினேஷன் செய்யட்டுமா? முதலில் முடிக்கும் குழுவுக்குப் பரிசு கொடுக்கலாமா?

– ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

60 அட்டை எழுதி வெட்ட எத்தனை இரவு உட்கார்ந்திருப்பீர்கள் என்று தெரிகிறது. மனம் வருந்தாதீர்கள், அவற்றை எடுத்து வைத்துவிடுங்கள். ‘ஆடு’ என்று மட்டும் எழுதிய அட்டையை எட்டு வயதுக் குழந்தையிடம் நீட்டி, இது பெயரா வினையா என்று கேட்பது அநியாயம். தமிழில் ஒருவனை ஏவும்போது சொல்லின் பின்னால் விகுதி எதுவும் வேண்டியதில்லை. வேர்ச்சொல்லே கட்டளையாக நின்றுவிடும். அதனால்தான் ஆடு, படி, அணை, விளக்கு, தை, காய் எல்லாம் தனியாக நிற்கும்போது இரண்டு பக்கமும் சாய்கின்றன. சண்டை போட்ட பிள்ளைகள் இருவர் சொன்னதும் சரி. தவறு அட்டையில் இருக்கிறது.

நிறம் வேண்டாம். நிறம் வைத்தால் நிறத்தைப் பார்த்துத்தான் பிரிப்பார்கள். லேமினேஷனுக்குச் செலவு செய்யாதீர்கள், சார்ட் அட்டை ஒரு பருவம் தாங்கும்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது வேறொரு வரி. வாக்கியப் பட்டை என்றால் எல்லாரும் சரியாகச் செய்துவிடுகிறார்கள் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எப்படிச் சரியாகச் செய்தார்கள் என்று பார்த்தீர்களா? தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். பாடப்புத்தக வாக்கியங்களில் அநேகமாக எப்போதும் அப்படித்தான். மூன்று பட்டை முடிவதற்குள் குழந்தை இதைக் கண்டுபிடித்துவிடும். பிறகு சொல்லைப் படிக்கவே படிக்காது; கடைசித் துண்டை வினை வட்டத்தில் வைக்கும், மீதியைப் பெயர் வட்டத்தில் தள்ளும். பத்துக்குப் பத்து. நீங்களும் நட்சத்திரம் போட்டிருப்பீர்கள்.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு பட்டை போதும். ‘இது தாத்தா வீடு.’ ‘வந்தார் தாத்தா.’ முதலாவதில் வினையே இல்லை. இரண்டாவதில் வினை முன்னால் நிற்கிறது. ‘வீடு’ வினை வட்டத்துக்குப் போனால், அந்தக் குழந்தை இத்தனை நாளும் இடத்தைப் பார்த்துப் பிரித்திருக்கிறது, சொல்லைப் பார்த்து அல்ல. திட்டாதீர்கள். அது புத்திசாலித்தனமாகத்தான் நடந்துகொண்டிருக்கிறது; வழியை அடைக்க வேண்டியது நாம்.

சரி, எதைப் பார்த்துப் பிரிப்பது? ‘செயலைக் குறிப்பது வினை’ என்று சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். ‘ஓட்டம்’ சண்டை அதிலிருந்துதான் வந்தது. ஓட்டம் செயல் இல்லையா என்று குழந்தை கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? சிலர் இதிலிருந்து தப்பிக்க ‘காலம் காட்டுவது வினை’ என்பார்கள். உடனே ‘மாலையில்’ வினை வட்டத்துக்குப் போகும். அதுவும் காலத்தைத்தானே சொல்கிறது! ஆகவே விதியை இப்படி வையுங்கள்: காலத்தை மாற்றினால் எந்தச் சொல் தானும் மாறுகிறதோ, அது வினை. இது நான் இட்டுக்கட்டியதல்ல. வினை வேற்றுமை கொள்ளாது, காலத்தோடு தோன்றும் என்று தொல்காப்பியம் வினையியலின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டது. செயலைக் குறிப்பது என்று அங்கே இல்லை.

இதைப் பட்டையில் செய்து பாருங்கள். ‘தாத்தா மாலையில் விளக்கை ஏற்றினார்.’ நான்கு துண்டு. முன்னால் ‘நேற்று’ என்ற துண்டை வைத்து ஒரு குழந்தை வாசிக்கட்டும். அதை எடுத்துவிட்டு ‘நாளை’ வையுங்கள். ‘நாளை தாத்தா மாலையில் விளக்கை...’ என்று வாசித்து வரும் குழந்தையின் வாய் தானாகவே ‘ஏற்றுவார்’ என்று முடிக்கும். தாத்தா மாறவில்லை, மாலை மாறவில்லை, விளக்கு மாறவில்லை. மாறிய துண்டின் மேல் ‘ஏற்றுவார்’ துண்டை வைத்து, இரண்டையும் சேர்த்து வினை வட்டத்துக்கு அனுப்புங்கள். ‘நேற்று’, ‘நாளை’ துண்டுகளை மட்டும் பிரிக்கக் கொடுக்காதீர்கள். அவை இந்த விளையாட்டின் சாவி, கையிலேயே இருக்கட்டும்.

இப்போது ‘மாலா ஓட்டத்தில் வென்றாள்.’ நாளை என்றால் ‘வெல்வாள்’. ஓட்டம் அசையவில்லை, பெயர் வட்டத்துக்குப் போகிறது. ‘ஆடு புல்லை மேய்ந்தது.’ நாளை என்றால் ‘மேயும்’. ஆடு ஆடாகவே நிற்கிறது. ‘நீ மேடையில் ஆடு.’ நேற்று என்று வைத்தால் ‘நேற்று நீ மேடையில் ஆடினாய்’. இங்கே மாறியது ஆடு. அதே இரண்டெழுத்து, ஒரு பட்டையில் பெயர், இன்னொன்றில் வினை. ஏவல் வாக்கியத்தில் ‘நீ’ என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். அது இல்லாவிட்டால் குழந்தையால் ‘ஆடினாய்’ என்று முடிக்க முடியாது.

பெயர் என்றால் ‘ஐ’ ஒட்டிப் பார் என்ற சோதனையை முதல் நாளே கொடுத்துவிடாதீர்கள். நல்ல சோதனைதான், ஆனால் அஃறிணையில் வழுக்கும். ‘ஆடு மேய்ந்ததைப் பார்த்தேன்’ என்று ஒரு குழந்தை சொல்லி, மேய்ந்தது பெயர் என்று வாதாடும். வினைமுற்றும் வினையாலணையும் பெயரும் அங்கே ஒரே உருவில் நிற்கின்றன. எட்டு வயதில் அதை விளக்கப் புகக் கூடாது. காலச் சோதனை கைவந்த பிறகு, ‘ஏற்றினார்’, ‘வென்றாள்’ போன்ற உயர்திணை வினைகளை வைத்து மட்டும் இதைத் தொடங்கலாம்.

பட்டை வெட்டும் கணக்கு: 22க்கு 28 அங்குலச் சார்ட் ஒன்றை இரண்டு அங்குல அகலத்தில் வெட்டினால் 14 பட்டை. மேலே சொன்ன ஆறு வாக்கியங்களையும் இரண்டிரண்டு படி எழுதினால் 12. ஒரு படி முழுதாக இருக்கட்டும், மற்றதைத் துண்டாக்குங்கள். மிச்ச இரண்டு பட்டை மாறிய வினைகளுக்கும் ‘நேற்று’, ‘நாளை’ துண்டுகளுக்கும். நான்கு பிள்ளைகளுக்கு இந்த ஒரு கட்டு போதும். ஒவ்வொரு துண்டின் பின்னாலும் வாக்கியத்தின் எண்ணை எழுதுங்கள்; பிரித்து முடித்தபின் துண்டுகள் முழுப்பட்டையின் மேல் திரும்பி வந்து உட்கார வேண்டும். புதிதாக வாக்கியம் எழுதினால் ஒற்று மிகாத இடமாகப் பாருங்கள். ‘விளக்கைத் துடைத்தார்’ என்பதை வெட்டினால் ‘விளக்கைத்’ என்று த் தொங்கும். பிள்ளைகள் அந்த ஒற்றைப் பிடித்துக்கொண்டு பாடத்தை விட்டுவிடுவார்கள்.

தரையில் சுண்ணக்கட்டியால் மூன்று வட்டம் போடுங்கள், இரண்டு அல்ல. ‘பெரிய’, ‘வேகமாக’ போன்றவை என்றாவது வரும்போது அவற்றுக்கு மூன்றாவது வட்டம் வேண்டும். ‘பிறகு பார்ப்போம்’ என்று பெயர் வைத்தால் போதும்.

பரிசு கேட்டிருந்தீர்கள். முதலில் முடிப்பவருக்குப் பரிசு என்றால் கடைசித் துண்டைத் தூக்கி வைப்பவர்தான் ஜெயிப்பார். துண்டை வட்டத்தில் வைக்கும் முன் ‘நாளை’ வாக்கியத்தை, ஏவலாக இருந்தால் ‘நேற்று’ வாக்கியத்தை, சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று மட்டும் விதி வையுங்கள்.