பிறந்த குழந்தைக்கு ஸ்ட்ரோலரா, கேரியரா: கேள்வி பதில்

குழந்தை வண்டிகளைப் பழுதுபார்ப்பதும், கடையில் விற்கும்முன் சரிபார்ப்பதும் என் தொழில். முதல் ஆறு மாதம் வரை உள்ள குழந்தைகளைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றுக்கான பதில்கள் இதோ.

மீனா: ஸ்ட்ரோலர் பெட்டியில் ‘பிறந்ததிலிருந்தே பயன்படுத்தலாம்’ என்று போட்டிருக்கிறது. அதை நம்பலாமா அக்கா?

பெட்டியை விட, இருக்கை எவ்வளவு படுக்கிறது என்பதைத்தான் நம்ப வேண்டும், மீனா. பிறந்த குழந்தைக்குத் தலை கனம், கழுத்தில் பலம் கிடையாது. சாய்ந்து உட்கார்ந்தால் தலை முன்னால் விழுந்து தாடை நெஞ்சில் அமுங்கும். மூச்சுக்குழாய் மெல்லியது என்பதால் அந்த மடிப்பிலேயே அடைபடலாம். குழந்தை அழக்கூட அழாது, தூங்குவது போலவே இருக்கும்.

அதனால்தான் ஐரோப்பியத் தரமான இ.என். 1888, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கான இருக்கையில் அடிப்பலகைக்கும் முதுகுப் பலகைக்கும் இடையே குறைந்தது 150 டிகிரி வேண்டும் என்கிறது. அவ்வளவு விரியாத இருக்கையில் ‘ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு ஏற்றதல்ல’ என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும். அது பெரும்பாலும் இருக்கைத் துணியின் லேபிளில் சிறிய எழுத்தில் இருக்கும். பெட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் அதைத் தேடுங்கள்.

கார்த்திக்: 150 டிகிரி என்றால் முதுகை முழுக்கச் சாய்த்துவிட்டாலே வந்துவிடுமே? எங்கள் வண்டி நன்றாகவே சாய்கிறது.

பாதி சரி, தம்பி. முதுகுப் பலகையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். இருக்கையின் முன்பக்கம் சற்றுத் தூக்கியிருந்தால் அதையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும்.

வண்டியைச் சமமான தரையில் நிறுத்தி, கைபேசியின் மட்டம் பார்க்கும் செயலியைத் திறந்துகொள்ளுங்கள். முதுகுப் பலகையில் வைத்துப் பார்க்கும்போது தரையிலிருந்து 28 டிகிரி உயர்ந்திருக்கிறது என்று வையுங்கள். பிறகு இருக்கையில் வைத்தால், முழங்கால் பக்கம் 9 டிகிரி உயர்ந்திருக்கிறது. இரண்டையும் கூட்டினால் 37. அதை 180-இலிருந்து கழித்தால் 143 டிகிரிதான் வருகிறது, தேறவில்லை. இருக்கை மட்டமாகவே இருந்திருந்தால் 152 வந்து தேறியிருக்கும். ஆகக் கூட்டுத்தொகை 30-ஐத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான்.

ஒரு கை அழுத்தத்துடன் அளந்து பாருங்கள். துணி தொங்கும் வகை வண்டிகளில் குழந்தையை வைத்ததும் முதுகு வில்லாக வளையும். காலியான வண்டி காட்டும் எண் அப்போது பொய்யாகிவிடும். இந்தக் கணக்கே தலைவலி என்றால், தனித் தொட்டில் பெட்டி மாட்டும் வண்டியை எடுங்கள். அதில் குழந்தை மட்டமாகவே படுக்கும்.

ஜானகி: அப்படியானால் கார் சீட்டையே வண்டியின் சட்டத்தில் மாட்டிவிட்டால் ஆச்சு. குழந்தையை எழுப்பவே வேண்டாமே. அதையேதான் என் நாத்தனார் செய்கிறார், குழந்தை மணிக்கணக்கில் தூங்குகிறது.

அம்மா, காரிலிருந்து கடைவரை போகும் அந்தச் சிறு தூரத்துக்கு அது வசதிதான். மணிக்கணக்கில் தூங்கவைக்க அல்ல. விபத்தின்போது காப்பாற்றத்தான் கார் சீட்டின் வடிவம், அதனால் குழந்தை அரைவாசி உட்கார்ந்த நிலையில் இருக்கும். மேலே சொன்ன தாடை ஆபத்து அங்கேதான் அதிகம். எத்தனை நிமிடம் வரை பரவாயில்லை என்பதில் அறிவுரைகள் ஒன்றுபோல் இல்லை. பயணம் முடிந்ததும் எடுத்துப் படுக்க வைப்பதே நான் சொல்லும் வழக்கம். வார்களைத் தளர்த்திவிட்டு அதிலேயே தூங்க விடுவதுதான் எல்லாவற்றையும் விட மோசம். குழந்தை கீழே நழுவும், வார் கழுத்துக்கு வரும்.

லதா: மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. 7 கிலோ என்று எழுதியிருக்கும் வண்டியைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒரு கையால் மடிக்கலாம் என்றும் சொல்கிறார்கள். எடுத்துவிடட்டுமா?

இதற்குத்தான் நிறைய எழுதப் போகிறேன், லதா. எடை என்று எழுதியிருக்கும் எண் எதை எடைபோட்டது என்று முதலில் கேளுங்கள். பல சமயம் அது சட்டமும் இருக்கையும் மட்டும். மேற்கூரை, கூடை, தொட்டில் பெட்டி எல்லாம் வெளியே நிற்கும்.

உங்கள் கதையையே கணக்குப் போடுவோம். சட்டம் 5 கிலோ, இருக்கை 2 கிலோ என்று வைத்தால் அதுதான் அவர்கள் சொல்லும் 7. பிறந்த குழந்தைக்கு இருக்கையைக் கழற்றிவிட்டுத் தொட்டில் பெட்டி மாட்டுவீர்கள், அது 4 கிலோ. இப்போது வண்டி 9 கிலோ. குழந்தை 3.2, பையில் டயப்பர், பால் சாமான் எல்லாம் 2.5. மொத்தம் 14.7 கிலோ. இதை மூன்று மாடி ஏற்ற வேண்டும். குழந்தையை வண்டியில் வைத்தபடி படியில் தூக்கவே கூடாது. கைப்பிடி நழுவினாலோ, மடிப்புப் பூட்டு விடுபட்டாலோ பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

அடுத்தது அந்த ஒரு கை மடிப்பு. பெரும்பாலான வண்டிகளில் அது இருக்கை மாட்டியிருக்கும்போது மட்டும்தான். தொட்டில் பெட்டியைக் கழற்றித் தனியாக வைத்த பிறகுதான் சட்டம் மடியும். ஆக முதல் ஆறு மாதமும் இரண்டு சாமான், ஒரு குழந்தை, இரண்டு கை. கடையில் உங்கள் முன் மடித்துக் காட்டுபவரிடம் குழந்தை இருப்பதில்லை! நீங்கள் ஒரு கையில் மூன்று கிலோ கனமுள்ள பையை அணைத்துக்கொண்டு மடித்துப் பாருங்கள், உண்மை தெரிந்துவிடும்.

உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது: படியில் கேரியர், கீழே வண்டி. கீழ்த்தளத்தில் வைத்துப் பூட்ட இடம் இருந்தால் எடையைப் பற்றிக் கவலையே வேண்டாம், தொட்டில் பெட்டி வண்டியே எடுங்கள். இடம் இல்லை என்றால், முதுகு 150 டிகிரிக்கு மேல் படுக்கும் ஒரே துண்டு வண்டி எடுங்கள். அதை மடித்து ஒரு கையில் தூக்கலாம், குழந்தை மார்பில் இருக்கும்.

ரவி: மடிப்புப் பூட்டு விடுபடும் என்று பயமுறுத்துகிறீர்களே. புது வண்டியில் அது நடக்குமா?

புதிது, பழசு எதுவானாலும் பாதி பூட்டியிருந்தால் நடக்கும். விரித்ததும் ‘க்ளிக்’ கேட்டால் போதும் என்று நினைக்கிறோம். இரு பக்கமும் பூட்டு இருக்கும் வண்டியில் ஒரு பக்கம் மட்டும் மாட்டியிருந்தாலும் க்ளிக் கேட்கும். அதனால் விரித்த பின் கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்கி, கீழே அமுக்கி, முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். கீலில் ஆட்டம் தெரிந்தால் குழந்தையை வைக்காதீர்கள். மணலும் முடியும் பூட்டுக்குள் போய்த் தடுப்பதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். துடைத்துவிட்டு உலர் சிலிக்கான் ஸ்ப்ரே அடிக்கலாம். எண்ணெய் வேண்டாம், அது இன்னும் மண்ணைச் சேர்க்கும்.

விரல் விஷயம் இன்னொன்று. 2009 நவம்பரில் மக்லாரன் நிறுவனம் அமெரிக்காவில் ஏறக்குறைய பத்து லட்சம் குடை மடிப்பு வண்டிகளைத் திரும்ப அழைத்தது. கீலில் சிக்கிக் குழந்தைகளின் விரல் நுனி துண்டான 12 சம்பவங்கள் அப்போது பதிவாகியிருந்தன. வண்டியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை, கீலுக்கு உறை கொடுத்தார்கள். நடந்தது எல்லாம் விரிக்கும்போதும் மடிக்கும்போதும்தான். பக்கத்தில் நிற்கும் மூத்த குழந்தையின் கையைக் கவனியுங்கள், கைக்குழந்தையை விட அதற்குத்தான் ஆபத்து.

சுதா: எங்கள் பாப்பா 2.6 கிலோ. பக்கிள் வைத்த கேரியர் பரிசாக வந்தது. துணியால் நன்றாக இறுக்கிக் கட்டினால் போதுமா?

முதலில் லேபிளில் குறைந்தபட்ச எடையைப் பாருங்கள். இந்த மாதிரிக் கேரியர்கள் பெரும்பாலும் 3.2 அல்லது 3.5 கிலோவில் தொடங்கும். அதற்குக் காரணம் கால் துளை. சிறிய குழந்தை அந்தத் துளை வழியாக நழுவ இடம் உண்டு. துணி சுற்றி அடைப்பதால் அது சரியாகாது. நிறுவனமே அந்த மாடலுக்குக் கொடுக்கும் சிசு உள்ளுறை இருந்தால் அதன் எடை வரம்பு தனி. இல்லையென்றால் எடை ஏறும்வரை காத்திருங்கள். பாப்பா குறைப்பிரசவமாகப் பிறந்திருந்தால் எந்தக் கேரியரையும் மருத்துவரைக் கேட்ட பிறகே.

எடை வந்ததும்: முகம் எப்போதும் உங்கள் கண்ணில் படவேண்டும், தலையை முத்தமிடும் உயரத்தில் இருக்க வேண்டும், தாடைக்கும் நெஞ்சுக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். முதுகு நழுவாமல் இறுக்கமாகவும், முழங்கால் இடுப்பை விட உயரமாக எம் என்ற ஆங்கில எழுத்தின் வடிவிலும் இருக்கட்டும். கால்கள் நேராகத் தொங்கினால் இடுப்பு மூட்டுக்கு நல்லதல்ல.

மணி: அக்கா, பை போல் தொங்கும் ஸ்லிங் ஒன்று பழசாகக் கிடைத்தது. அதில் படுத்துத்தானே இருக்கும், தாடைப் பிரச்சினை வராதே?

வரும், தம்பி. பையின் அடியில் குழந்தை சுருண்டு தாடை நெஞ்சில் படும், முகம் துணியிலும் அமுங்கும். 2010-இல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் நான்கு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஸ்லிங் குறித்து எச்சரித்தது. அதே ஆண்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பை வகை ஸ்லிங்குகள் திரும்ப அழைக்கப்பட்டன, அதில் மூன்று மரணங்கள். உங்களிடம் இருப்பது அந்த வகை என்றால் அதை யாருக்கும் கொடுக்காதீர்கள், வெட்டிப் போட்டுவிடுங்கள்.

ரவி: கடைசியாக ஒன்று. 22 கிலோ தாங்கும் வண்டி 15 கிலோ தாங்குவதை விடப் பாதுகாப்பானதுதானே?

இல்லை, ரவி. இ.என். 1888-இன் முதல் பகுதி 15 கிலோ வரை, இரண்டாம் பகுதி அதற்கு மேல் 22 வரை. அது எத்தனை வயது வரை ஓட்டலாம் என்ற கணக்கு. மூன்று கிலோ குழந்தைக்கு அதில் கூடுதல் பாதுகாப்பு எதுவும் இல்லை. கைப்பிடியில் பையை மாட்டினால் இரண்டுமே பின்னால் சாயும். லேசான வண்டிதான் முதலில் சாயும். பையைக் கூடையில் போடுங்கள்.