கேட் மூடிய பிறகு

அன்புள்ள ஐயா,

தில்லி மயூர் விஹாரில், எங்கள் குடியிருப்புத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் ஆங்கில இலக்கணம் சொல்லித் தருகிறேன். நடந்து முடிந்ததை நினைத்து 'அப்படிச் செய்திருந்தால்' என்று சொல்லும் 'தேர்ட் கண்டிஷனல்' பாடத்துக்காக, பரீட்சையன்று பஸ்ஸைத் தவறவிட்ட பையனை வைத்து ஒரு கதை எழுதினேன். பத்து இடத்தில் 'இஃப் ஐ ஹேட்' வருகிறது. பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். கதையை இணைத்திருக்கிறேன். எங்கே சறுக்கினேன்?

மீனா

அன்புள்ள மீனா,

உங்கள் பையன் பஸ் கிளம்பிய அடுத்த வரியிலேயே வருந்த ஆரம்பித்துவிடுகிறான். சறுக்கல் அங்கேதான். சிபிஎஸ்இ பரீட்சை பத்தரைக்கு. பத்து மணிக்கு மேல் வருகிறவர்களை உள்ளே விடமாட்டார்கள். அவன் பஸ்ஸை விட்டது ஒன்பதேகாலுக்கு. இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறதே! அந்த நேரத்தில் எந்தப் பிள்ளையும் வருந்திக்கொண்டு நிற்காது, வழி தேடும்.

நான் எழுதினால் இப்படிப் போகும். மறந்த அட்மிட் கார்டை எடுக்க நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு ஓடுகிறான். திரும்பி வருவதற்குள் பஸ் போய்விட்டது. 'அடுத்த பஸ் சீக்கிரம் வந்தால் போய்விடுவேன்.' வரவில்லை. ஒன்பதரைக்கு ஓர் ஆட்டோ கிடைக்கிறது. 'சிக்னலில் மாட்டாவிட்டால் சமாளித்துவிடலாம்.' மாட்டுகிறது. பத்து மணி மூன்று நிமிடத்துக்கு சென்டர் வாசலில் இறங்குகிறான். கேட் மூடியிருக்கிறது. காவலர் தலையை ஆட்டிவிடுகிறார்.

இங்கேதான், கதையில் முதல் தடவையாக: 'நேற்று ராத்திரியே அட்மிட் கார்டைப் பையில் வைத்திருந்தால் பஸ்ஸைப் பிடித்திருப்பேன்.' இந்த ஒன்று போதும். மற்ற ஒன்பதையும் எடுத்துவிடுங்கள். வாசிக்கும்போது ஒவ்வொரு 'ஆல்' வரும் இடத்திலும் நிறுத்தி, 'இன்னும் மாற்ற முடியுமா?' என்று கேளுங்கள். முடியும் என்றால் அது முதல் வகை, 'ஃபர்ஸ்ட் கண்டிஷனல்'. கேட் மூடிய பிறகு அவர்களே 'முடியாது' என்பார்கள். மூன்றாம் வகை அந்தப் பதிலில்தான் பிறக்கிறது.

அப்புறம், அந்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் பலர் 'இஃப் ஐ வுட் ஹேவ் கெப்ட்' என்று தொடங்குவார்கள். தமிழில் வைத்திருந்தால், பிடித்திருப்பேன் என்று இரண்டு பாதியிலும் 'இரு' வருகிறது. அந்தப் பழக்கத்தில் 'வுட் ஹேவ்' இரண்டு பக்கமும் ஏறிவிடுகிறது. 'இஃப்' இருக்கும் பாதிக்கு 'ஹேட் கெப்ட்'. 'வுட் ஹேவ் காட்' மற்றப் பாதிக்கு மட்டும். இரண்டையும் பலகையில் மேலும் கீழுமாக எழுதிக் காட்டினால் பிடித்துக்கொள்வார்கள்.

முடிவில் பையன் காவலரின் போனை வாங்கி அம்மாவை அழைக்கட்டும். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'நான் ஒரு தடவை உன் பையைப் பார்த்திருந்தால்...' என்று ஆரம்பித்து நிறுத்திவிடுகிறார். மீதி வாக்கியத்தை நீங்கள் எழுத வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் ஆளுக்கு ஒரு விதமாக முடிக்கட்டும்.