பாதாம் பாக்கெட்டில் போட்டிருக்கும் கலோரி எவ்வளவு சரி?

கேள்வி: 28 கிராம் பாதாமுக்கு 170 கலோரி என்று போட்டிருக்கிறார்கள். அத்தனையும் உடம்பில் சேருமா? நார்ச்சத்தும் புரதமும் இதைக் குறைக்கும் என்கிறார்களே, எப்படி?

சேராது. அந்த 170 பொதுவாக யாரும் அளந்து பார்த்த எண் அல்ல, பெருக்கிக் கூட்டிய எண். அந்த ஒரு பிடி பாதாமில் கொழுப்பு 14 கிராம், புரதம் 6, மாவுச்சத்தும் நாருமாக இன்னொரு 6. கொழுப்பை 9 ஆலும் மற்ற இரண்டையும் 4 ஆலும் பெருக்கினால் 174 வரும். இந்த 4, 9 எல்லாம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் அட்வாட்டர் என்பவர் பல உணவுகளைச் சோதித்து எடுத்த சராசரிகள். சராசரியை ஒரு தனிப் பொருள் மேல் போட்டால் பிசகத்தானே செய்யும்?

பாதாமில் அது நன்றாகவே பிசகியது. அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் 18 பேருக்குப் பாதாம் கொடுத்து, அவர்கள் சாப்பிட்டதையும் மலம், சிறுநீரில் வெளியேறியதையும் எரித்து அளந்தார்கள். (யாருக்கு வாய்த்த வேலையோ!) கழித்துப் பார்த்தால் 28 கிராமில் உடம்புக்குக் கிடைத்தது 129 கலோரிதான். 2012இல் வெளியான ஆய்வு இது.

காரணம் நார்தான். ஆனால் நார் செரிக்காது என்பதோடு விஷயம் முடியவில்லை. பாதாமின் எண்ணெய் நுண்ணிய செல்களுக்குள் அடைபட்டிருக்கிறது. அந்தச் செல்லின் சுவரே நார். மென்று உடைபடாத செல்லுக்குள் செரிமான நொதி எளிதில் நுழைய முடியாது, எண்ணெய் அப்படியே வெளியே போய்விடும். அதே குழு பிறகு வறுத்தது, நறுக்கியது, வெண்ணெய் போல அரைத்தது என்று தனித்தனியாகச் சோதித்தது. முழுப் பருப்பில் கிடைத்ததைவிட நறுக்கியதில் கூடுதலாகக் கிடைத்தது. அரைத்த விழுதில் லேபிள் கணக்குக்குக் குறையவே இல்லை. ஆக, பாதாமை மிக்ஸியில் விழுதாக்கிவிட்டு 129 என்று எழுதிக்கொள்ள முடியாது. முந்திரியிலும் வித்தியாசம் இருக்கிறது, ஆனால் 16 சதவீதம் அளவில்தான்.

சரி, புரதம்? அது வேறு கதை. புரதத்தை ஆய்வகத்தில் எரித்தால் கிராமுக்கு ஏறக்குறைய 5.6 கலோரி வரும். உடம்பு அதை முழுசாக எரிப்பதில்லை, நைட்ரஜனை யூரியாவாக்கிச் சிறுநீரில் தள்ளிவிடுகிறது. அந்த நஷ்டத்தையும் செரிக்காமல் போவதையும் கழித்துத்தான் 4 என்று வைத்தார்கள். லேபிள் கழிக்காதது ஒன்று உண்டு: புரதத்தைச் செரித்துப் பிரித்துப் பயன்படுத்த ஆகும் செலவு. அதன் ஆற்றலில் 20 முதல் 30 சதவீதம் இப்படி வெப்பமாகப் போய்விடும். கொழுப்பில் இது அதிகம் போனால் 3 சதவீதம். 25 கிராம் புரதத்துக்கு லேபிள் 100 என்று சொன்னால், கைக்கு மிஞ்சுவது 70–80. கவனியுங்கள், இது உறிஞ்சப்படாமல் போனதல்ல. உள்ளே வந்த பிறகு செலவானது.

நான் லேபிளைப் பார்ப்பதை விடவில்லை. இரண்டு பிஸ்கட் பாக்கெட்டுகளை ஒப்பிட அது போதும். பாதாமையும் பிஸ்கட்டையும் ஒரே எண்ணை வைத்து ஒப்பிடுவதைத்தான் விட்டுவிட்டேன்.