ஒட்டுவது வேறு, திறப்பது வேறு: அயன் சேனல் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அயன் சேனல் பற்றியவை, பரீட்சை நெருங்குகிறது போல. சவ்வு, அயன், மில்லிவோல்ட் எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் எழுதியிருக்கிறேன். உதாரணத்துக்கு ஒரே இடத்தை எடுத்துக்கொள்கிறேன்: நரம்பு முனை தசையைச் சந்திக்கும் இடம். இரண்டு வகைச் சேனலும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, அதனால் வேறு எங்கும் அலைய வேண்டியதில்லை.

லிகண்ட்-கேட்டட், வோல்டேஜ்-கேட்டட் சேனல்களுக்கு இடையே பத்து வேறுபாடுகள் எழுதித் தரவும்.

பத்தெல்லாம் இல்லை. எது திறக்க வைக்கிறது, வந்து ஒட்டும் லிகண்ட் மூலக்கூறா, சவ்வின் வோல்டேஜா என்பது ஒன்றுதான் அடிப்படை வேறுபாடு, மற்றதெல்லாம் அதிலிருந்து வருவது. வரிசையைப் பாருங்கள். நரம்பில் ஓடிவந்த மின்துடிப்பு முனையை எட்டியதும் அங்குள்ள கால்சியம் சேனல்கள் திறக்கின்றன (வோல்டேஜ்). கால்சியம் உள்ளே போனதும் அசிட்டைல்கோலின் என்ற தூதுப் பொருள் வெளியே கொட்டுகிறது. அது தசைப்பக்கம் உள்ள நிக்கோட்டினிக் ரிசெப்டாரில் ஒட்ட, அந்தச் சேனல் திறக்கிறது (லிகண்ட்). சுமார் −90 மில்லிவோல்ட்டில் இருந்த தசைச் சவ்வு −55 பக்கம் ஏறுகிறது, உடனே பக்கத்திலுள்ள சோடியம் சேனல்கள் திறக்கின்றன (மறுபடி வோல்டேஜ்). தசை சுருங்குகிறது. இந்த நாலு படியைப் புரிந்துகொண்டால் பத்து வேறுபாட்டை நீங்களே எழுதலாம்.

சோடியமும் சேனலுக்குள் வந்து ஒட்டித்தானே போகிறது? அப்படியானால் சோடியம் சேனலும் லிகண்ட்-கேட்டட்தானே?

இல்லை. உள்ளே போவது ஒன்று, திறக்க வைப்பது இன்னொன்று. அசிட்டைல்கோலின் ரிசெப்டாரில் ஒட்டும், ஆனால் துளை வழியாக ஒருபோதும் போகாது. அதுவே உள்ளே போகிற மாதிரி அம்புக்குறி போட்ட படத்தோடு வருஷா வருஷம் யாராவது எழுதுகிறார்கள். அந்தப் படத்தைக் கிழித்துப் போடுங்கள்.

லிகண்ட் என்றால் ஒரு பொருள் வந்து தொடுகிறது, சரி. வோல்டேஜ் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒன்று, அதை ஒரு புரதம் எப்படி உணரும்?

நல்ல கேள்வி. 80, 90 மில்லிவோல்ட் என்று கேட்டால் அற்பமாகத் தெரியும், ஆனால் அது விழுவது நாலு நானோமீட்டர் தடிமனுள்ள சவ்வுக்குக் குறுக்கே. வகுத்துப் பாருங்கள், சென்டிமீட்டருக்கு சுமார் 2 லட்சம் வோல்ட். காற்றில் 30,000 வந்தாலே பொறி பறந்துவிடும். அவ்வளவு வலுவான மின்புலத்துக்குள் மின்னூட்டம் உள்ள எதை வைத்தாலும் அது நகரப் பார்க்கும்.

வோல்டேஜ் சேனலில் அப்படி வைக்கப்பட்ட துண்டுக்குப் பெயர் எஸ்4. ஒரு சேனலுக்கு நாலு எஸ்4. ஒவ்வொன்றிலும் மூன்று அமினோ அமிலத்துக்கு ஒன்று என்ற கணக்கில் ஆர்ஜினினோ லைசினோ வரும், இரண்டுமே பாசிட்டிவ். ஓய்வில் செல்லின் உட்புறம் நெகட்டிவ் என்பதால் எஸ்4 உட்பக்கம் இழுபட்டுக் கிடக்கிறது. உட்புறத்தின் நெகட்டிவ் குறையக் குறைய அந்தப் பிடி தளர்ந்து எஸ்4 வெளிப்பக்கம் நகர்கிறது, நகரும்போது தன்னோடு இணைந்த இன்னொரு துண்டு வழியாகத் துளையின் அடிவாயை விலக்கிவிடுகிறது. அவ்வளவுதான் விஷயம்.

இது வெறும் கற்பனை இல்லை. மின்னூட்டம் நகர்ந்தால் அதுவே ஒரு மின்னோட்டம், மிகச் சின்னதாக. ஸ்க்விட் ஆக்ஸானில் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952-லேயே இப்படி ஒன்று இருந்தாக வேண்டும் என்று கணித்தார்கள். ஆர்ம்ஸ்ட்ராங்கும் பெசனில்லாவும் 1973-ல் அயன்கள் போகும் வழியை அடைத்துவிட்டு, மிச்சமிருந்த அந்தத் துளி மின்னோட்டத்தை அளந்து காட்டினார்கள். நிக்கோட்டினிக் ரிசெப்டாரில் எஸ்4 கிடையாது, அதனால்தான் வோல்டேஜை மட்டும் மாற்றி அதைத் திறக்க முடியாது.

லிகண்ட் என்பது சாவி, ரிசெப்டார் பூட்டு. சாவி நுழைந்ததும் பூட்டு திறக்கும். இது சரிதானே? ஆனால் அறுவை சிகிச்சையின்போது சக்சினைல்கோலின் கொடுத்தால் தசை ஏன் செயலிழக்கிறது என்று எங்கள் வகுப்பில் யாருக்கும் விளங்கவில்லை.

விளங்காது. அந்தச் சாவி-பூட்டை வைத்துக்கொண்டு பார்த்தால் ஜென்மத்துக்கும் விளங்காது. இந்தத் துறையில் எனக்கு எரிச்சல் தரும் ஒரே படம் அதுதான், எந்தப் பாடப்புத்தகத்தைத் திறந்தாலும் அதுதான் இருக்கிறது. ஒட்டுவது ஒரு வேலை, திறப்பது இன்னொரு வேலை. டெல் காஸ்டியோவும் காட்ஸும் 1957-லேயே இதைப் பிரித்துச் சொல்லிவிட்டார்கள், நாம்தான் இன்னும் சாவியைப் பிடித்துத் தொங்குகிறோம்.

தசையிலுள்ள நிக்கோட்டினிக் ரிசெப்டார் ஐந்து துண்டுகள் வட்டமாக நின்ற அமைப்பு. அசிட்டைல்கோலின் ஒட்டும் இடம் இரண்டு, இரண்டுமே சவ்வுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில். திறக்க வேண்டிய குறுகல் இருப்பதோ சவ்வுக்கு நடுவே, ஒட்டும் இடத்திலிருந்து ஐந்து நானோமீட்டர் தள்ளி. அசிட்டைல்கோலின் உட்கார்ந்ததும் அந்த இடத்தின் ஒரு வளைவு அதன் மேல் மூடிக்கொள்கிறது. அந்த அசைவு கீழே இறங்கி, துளையைச் சுற்றி நிற்கும் ஐந்து எம்2 சுருள்களையும் கொஞ்சம் சாய்க்க, நடுவில் நீரை ஒட்டவிடாமல் நெருக்கி நின்ற அமினோ அமிலங்கள் விலகுகின்றன. துளை திறப்பது அப்போதுதான்.

இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அசிட்டைல்கோலின் எதுவும் இல்லாமலேயே இந்தச் சேனல் எப்போதாவது தானாகத் திறக்கும், கிட்டத்தட்ட பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரம். இரண்டு அசிட்டைல்கோலின் ஒட்டியிருக்கும்போது பெரும்பாலான நேரம் திறந்திருக்கும். ஆக லிகண்ட் செய்வது, திறந்த நிலையின் பக்கம் தராசைச் சாய்ப்பது. க்யூராரே என்ற அம்பு விஷம் அதே இடத்தில் ஒட்டுகிறது, ஆனால் தராசு சாய்வதில்லை. சாவி நுழைந்தாயிற்று, பூட்டு திறக்கவில்லை, இப்போது உங்கள் படத்தை என்ன செய்வீர்கள்?

சரி, சக்சினைல்கோலினுக்கு வருவோம். அது இரண்டு அசிட்டைல்கோலினை முதுகோடு முதுகாக ஒட்டவைத்த மூலக்கூறு. ரிசெப்டாரில் ஒட்டும், திறக்கவும் செய்யும், அதனால்தான் ஊசி போட்டதும் நோயாளியின் தசைகள் ஆங்காங்கே துடிக்கின்றன. அசிட்டைல்கோலினை அங்கேயே இருக்கும் என்சைம் ஒரு மில்லிசெகண்டு அளவில் வெட்டித் தள்ளிவிடும். சக்சினைல்கோலினை அதனால் வெட்ட முடியாது, ரத்தத்தில் இருக்கும் வேறொரு என்சைம்தான் வெட்ட வேண்டும், அதற்குச் சில நிமிடம் ஆகும். அந்த நிமிடங்களில் தசைச் சவ்வின் அந்த இடம் பழைய −90-க்குத் திரும்பவே முடியாமல் மேலேயே நிற்கிறது.

இப்போது பக்கத்துச் சோடியம் சேனலைப் பாருங்கள். அது முதலில் திறந்தது, துடிப்பு அதனால்தான். திறந்து ஒரு மில்லிசெகண்டுக்குள் அதன் உட்பக்கமிருக்கும் மூன்று அமினோ அமிலம் கொண்ட ஒரு சின்னத் துண்டு வந்து ஒட்டி அதை முடக்கிவிட்டது. முடங்கிய சேனல் மறுபடி தயாராக வேண்டுமானால் சவ்வு கீழே இறங்கியே ஆக வேண்டும். சவ்வு இறங்கவில்லை. எனவே லிகண்ட் சேனல் திறந்து கிடக்க, வோல்டேஜ் சேனல் முடங்கிக் கிடக்க, தசை தளர்ந்துவிட்டது. எப்போதும் சொல்வதுதான்: மூடியிருப்பது வேறு, முடங்கியிருப்பது வேறு. மூடியது அடுத்த தூண்டலுக்குத் திறக்கும், முடங்கியது திறக்காது. அசிட்டைல்கோலின் நீண்ட நேரம் இருந்தால் நிக்கோட்டினிக் ரிசெப்டாருக்கும் இந்தக் கதி உண்டு. லிகண்ட் ஒட்டியபடியே, முன்பைவிட இறுக்கமாக ஒட்டியபடியே, துளை அடைபட்டிருக்கும்.

நிக்கோட்டினிக் ரிசெப்டார் வழியாகச் சோடியம் மட்டும்தானே போகும்?

பொட்டாசியமும் போகும், எதிர்த்திசையில். அதனால் இந்தச் சேனல் சவ்வைப் பூஜ்யத்தின் பக்கம்தான் இழுக்கும். +30 வரை கொண்டுபோவது சோடியம் சேனலின் வேலை. கையால் சோதிக்கலாம்: சவ்வை +20-ல் பிடித்து வைத்துவிட்டு அசிட்டைல்கோலின் தெளித்தால் மின்னோட்டம் உள்ளே வராது, வெளியே போகும்.

மேலே சொன்ன சக்சினைல்கோலினோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். அது கொடுத்ததும் ரத்தப் பொட்டாசியம் லிட்டருக்கு அரை மில்லிமோல் அளவு ஏறுகிறது, திறந்து கிடக்கும் இந்தச் சேனல்கள் வழியாகத்தான். பெரிய தீக்காயம் பட்டவர்களுக்கும் நரம்பு அறுந்த தசை உள்ளவர்களுக்கும் ரிசெப்டார்கள் தசை முழுக்கப் பரவிவிடும். அவர்களுக்கு இதே மருந்து இதயத்தையே நிறுத்துகிற அளவுக்குப் பொட்டாசியத்தை ஏற்றிவிடலாம். மயக்க மருத்துவர் பழைய கதையெல்லாம் துருவித் துருவிக் கேட்பதில் இதுவும் ஒரு காரணம்.

நல்லபாம்பு, கட்டுவிரியன் இரண்டு விஷமும் ஒரே சேனலில்தான் வேலை செய்கிறதா?

முழுக்க இல்லை. நல்லபாம்பின் நரம்பு விஷம் நிக்கோட்டினிக் ரிசெப்டாரில் அசிட்டைல்கோலின் ஒட்டும் இடத்திலேயே உட்கார்ந்துகொள்கிறது, திறக்காது. கட்டுவிரியனில் அந்த வகையும் உண்டு, கூடவே நரம்பு முனையையே சிதைக்கும் வகையும் உண்டு. அங்கே கொட்டுவதற்கு அசிட்டைல்கோலினே மிஞ்சாது. அசிட்டைல்கோலினைக் கூட்டும் நியோஸ்டிக்மின் நல்லபாம்புக் கடியில் ஓரளவு கைகொடுப்பதும் கட்டுவிரியனில் பெரும்பாலும் ஏமாற்றுவதும் இதனால்தான். இரண்டிலும் நரம்பு பாதிப்பில் பெரும்பாலும் முதலில் தெரிவது இமை தொங்குவது. அது தெரியும்வரை வீட்டில் காத்திருக்காதீர்கள், கடித்ததும் ஆஸ்பத்திரி.

என்எம்டிஏ ரிசெப்டார் எந்த வகை? இரண்டும் என்கிறார்களே?

லிகண்ட் வகை. குளூட்டமேட் ஒட்டினால்தான் (கிளைசினோ டி-செரினோ கூடவே வேண்டும்) திறக்கும். ஆனால் ஓய்வு வோல்டேஜில் மெக்னீசியம் அயன் ஒன்று துளைக்குள் வந்து அடைத்துக்கொள்ளும், சவ்வு ஏறினால் அது வெளியேறும். வோல்டேஜுக்கு அசைவது அந்த மெக்னீசியம். எஸ்4 மாதிரி எதுவும் அதில் இல்லை. உண்மையிலேயே இரண்டுக்கும் கட்டுப்படுவது வேண்டுமென்றால் இதயத்துடிப்பைத் தொடங்கிவைக்கும் ஹெச்சிஎன் சேனலைப் படியுங்கள். அதில் எஸ்4-உம் உண்டு, சைக்ளிக் ஏஎம்பி ஒட்டும் இடமும் உண்டு.

இணைத்துள்ள பதிவைப் பார்த்து இது எந்தச் சேனல் என்று சொல்லவும்.

அச்சில் அளவு இல்லை, எந்த வோல்டேஜில் பிடித்தீர்கள் என்று இல்லை, குளியல் கரைசலில் என்ன இருந்தது என்று இல்லை. கீழே குழிந்து மேலே ஏறும் ஒரு கோடு மட்டும் இருக்கிறது. அது எதுவாகவும் இருக்கலாம், உங்கள் மின்முனை ஆடியதாகவும் இருக்கலாம்.

செல்லை −80-ல் பிடித்து, மருந்து எதுவும் சேர்க்காமல் −10-க்குத் தாவுங்கள். உள்நோக்கிய மின்னோட்டம் ஒரு மில்லிசெகண்டில் எழுந்து தானாக விழுந்து, சோடியம் சேனலை அடைக்கும் டெட்ரோடோடாக்ஸின் சேர்த்ததும் காணாமல் போனால், பெரும்பாலும் அது சோடியம் சேனல். தாவியதில் ஒன்றும் வராமல், −80-லேயே வைத்துக்கொண்டு அசிட்டைல்கோலின் தெளிக்கும்போது மட்டும் வந்தால் நிக்கோட்டினிக் என்று சந்தேகிக்கலாம், க்யூராரே போட்டு உறுதிசெய்யுங்கள். தாவும் முன் செல் எவ்வளவு நேரம் −80-ல் இருந்தது என்பதையும் எழுதுங்கள். −50-ல் வைத்திருந்து தாவிவிட்டு "சேனலே இல்லை" என்று எழுதுகிறவர்கள் உண்டு. சேனல் இருக்கிறது, பெரும்பகுதி முடங்கியிருக்கிறது. அளவுகளோடு மறுபடி அனுப்புங்கள், பார்க்கிறேன்.